மூன்றாவது மாதம் காணாமல் போகிறவர்கள்

மதுரையில் புதூர் பக்கம் என் நண்பன் ஒருவன் ஜிம் வைத்திருக்கிறான். அதன் கணக்கு வழக்கை நான் பார்த்துக் கொடுக்கிறேன். மாதக் கடைசியில் போய் உட்கார்ந்தால் அவன் தவறாமல் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "மூணு மாசம் ஆச்சுன்னா ஓடிர்றாய்ங்க மாப்ள." பொங்கல் முடிந்ததும் கூட்டம் அலைமோதும், சித்திரைத் திருவிழா வருவதற்குள் பாதிப் பேரைக் காணோம். இதற்கு அவன் கையில் எப்போதும் இருக்கும் மருந்து ஆஃபர்தான். ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ், இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல்ஸ். அதைப் பார்த்துப் புதிதாக நாற்பது பேர் வருவார்கள், அவர்களும் மூன்று மாதத்தில் போவார்கள்.

அந்த ஆஃபர் எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 3,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 12,000. ஆஃபரில் அதை 8,000 ஆக்குகிறோம். இதை யார் எடுப்பார்கள்? தன்மேல் நம்பிக்கை உள்ளவர், ஏற்கெனவே ஒழுங்காக வருகிறவர். அவர் ஆஃபர் இல்லாவிட்டாலும் நான்கு தடவை 3,000 கட்டியிருப்பார். பத்தாவது வாரத்தில் வருவதை நிறுத்தப்போகிறவர் பெரும்பாலும் எடுப்பதில்லை. எடுத்தாலும் நிறுத்தத்தான் செய்கிறார், கூடவே "எட்டாயிரம் போச்சு" என்று தெரு முழுக்கச் சொல்கிறார். ஆக, தள்ளுபடி போய்ச் சேருவது அது தேவைப்படாதவரிடம். அது போக, ஜனவரியில் மொத்தமாக வரும் பணம் ஜனவரியிலேயே புது மெஷினுக்குப் போய்விடும். செப்டம்பரில் வாடகையும் கரண்ட் பில்லும் வழக்கம்போல வந்து நிற்கும்.

இதையெல்லாம் சொன்னால் அவன் கேட்பான்: "சரிடா, அப்ப நீயே சொல்லு, என்ன பண்றது?" அங்கே எனக்கு வாய் அடைத்துப்போகும். ஏனென்றால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ரசீதுப் புத்தகம். அதில் ஒருவர் சேர்ந்த நாள் இருக்கும், மறுபடி கட்டினாரா இல்லையா என்பது இருக்கும். நடுவில் உள்ள தொண்ணூறு நாளில் என்ன நடந்தது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

## விரல் வைக்கும் மெஷின்

வாசலில் ஒரு பயோமெட்ரிக் மெஷின் இருக்கிறது. பணம் கட்டாதவரை உள்ளே விடக்கூடாது என்பதற்காக வாங்கியது. யார் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு விரல் வைத்தார் என்பதை அது பாட்டுக்குச் சேர்த்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது, யாரும் திறந்து பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எக்செல்லில் இறக்கி, ஜனவரியில் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்து, வாரத்துக்கு எத்தனை நாள் வந்தார்கள் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது மாதம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததே தப்பான இடம் என்று அப்போதுதான் தெரிந்தது. பெரும்பாலானவர்கள் ஆறாவது, ஏழாவது வாரத்திலேயே போய்விட்டிருந்தார்கள். அதிகம் விற்பது மூன்று மாதப் பேக்கேஜ் என்பதால், போன சேதி நமக்குத் தொண்ணூறாவது நாளில்தான் வந்து சேர்கிறது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் எண்பத்தெட்டாவது நாளில் ஃபோன் போட்டு "சார், ரினியூ பண்றீங்களா?" என்று கேட்கும்போது, அந்த மனிதர் ஜிம்மை மறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அந்தப் பட்டியலில் ஒருவருடைய வரிசை இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வசூல் பிரிவில் வேலை பார்ப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். பொங்கல் முடிந்து சேர்ந்தவர். முதல் ஆறு வாரமும் வாரத்துக்கு ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு, மூன்று நாள். ஏழாவது வாரம் பூஜ்யம். எட்டாவது வாரம் ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எனக்கு உறுத்தியது அந்த எட்டாவது வாரத்து ஒரு நாள்தான். விட்டுப்போக நினைத்தவர் எதற்குத் திரும்பி வந்தார்? திரும்பி வந்தவர் ஏன் அடுத்த நாள் வரவில்லை?

எங்கள் பக்கத்து ஆள்தான், டீக்கடையில் பிடித்துக் கேட்டேன். மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் குடும்பத்தோடு போயிருக்கிறார். போன இடத்தில் நான்கு நாள். திரும்பினால் மார்ச் மாதம், வருஷக் கடைசி, வசூல் டார்கெட். அப்படியும் ஒரு நாள் சாயங்காலம் மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே நுழைந்ததும் மாஸ்டர் சத்தமாக, "என்னண்ணே, ஆளையே காணோம், வீட்ல விடலையா?" என்று கேட்க, பெஞ்சில் கிடந்தவன் வரை திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறான். மாஸ்டர் பிரியத்தில் கேட்டதுதான். அப்புறம் ஷெட்யூலைப் பார்த்து, அன்றைக்கு லெக் டே என்று, விட்டுப்போன அன்று தூக்கிய அதே அறுபது கிலோவில் நான்கு செட் ஸ்குவாட். "மறுநாள் ஒண்ணும் தெரியலைங்க. அதுக்கு அடுத்த நாள் மாடிப்படி இறங்க முடியலை. பாத்ரூம்ல உக்கார முடியலை. எனக்கு வேலையே மாடி மாடியா ஏறி இறங்குறதுதான்." வலி போவதற்குள் வாரம் முடிந்துவிட்டது. மறுபடி போனால் மறுபடி அதே கேள்வி, அதே அறுபது கிலோ. "மே மாசம் ஃப்ரீயா ஆரம்பிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

வேலை டைட், நேரமில்லை என்று ஃபோனில் சொல்வதெல்லாம் இதற்கான மரியாதையான பதில். விடுப்பு எடுப்பது எல்லோருக்கும் நடக்கும். கல்யாணம், காது குத்து, காய்ச்சல், பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஏதோ ஒன்று வந்தே தீரும். லண்டனில் பழக்கம் உருவாவதைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது, 2010இல் வெளியானது. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை வித்தியாசம் இருந்தது. நடுவே ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆறாவது வாரம் என்பது நாற்பது நாள் சொச்சம். பழக்கம் இன்னும் வேர் பிடிக்காத நேரத்தில் வரும் முதல் நீண்ட இடைவெளி அது. அந்த இடைவெளியைத் தாண்டி ஒருவர் உள்ளே வரும் முதல் நாளை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அமெரிக்காவில் ஒரு பெரிய ஜிம் சங்கிலியின் உறுப்பினர்கள் 61,000 பேரை வைத்து, ஐம்பத்து நான்கு விதமான திட்டங்களை ஒரே நேரத்தில் நான்கு வாரம் சோதித்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. அதில் முதலிடம் பிடித்த திட்டம், ஒரு நாள் தவறவிட்டவர் திரும்பி வந்தால் சின்னதாக ஒரு கூடுதல் வெகுமதி கொடுப்பது. பத்து சென்ட்டுக்கும் குறைவான தொகைதான். நான் இதை நண்பனிடம் சொன்னபோது, "நம்மூர்ல எட்டு ரூபாய்க்கு எவன் வருவான்?" என்றான். காசுக்கு வரமாட்டார்கள்தான். ஆனால் கவனிக்க வேண்டியது அதுவல்ல, விட்ட நாளுக்குத் திட்டாமல் வந்த நாளைக் கவனித்தார்கள் என்பதே. அதே ஆய்வில் நான்கு வாரம் முடிந்த பிறகும் பலன் நீடித்த திட்டங்கள் மிகக் குறைவு. ஆகவே ஒரு மாதக் கொண்டாட்டமாகச் செய்து முடிக்கிற சமாச்சாரமும் இல்லை.

## ஏழு நாள் பட்டியல்

திட்டம் என்று நாங்கள் கடைசியில் உட்கார்ந்து எழுதியது அரைப் பக்கம்தான். திங்கட்கிழமை மதியம், கூட்டம் இல்லாத நேரத்தில், மெஷினிலிருந்து தகவலை இறக்கி ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். சேர்ந்து நூறு நாளுக்குள் இருப்பவர், கடைசியாக வந்து ஏழு நாள் ஆகியிருக்கிறது, இந்த இரண்டும் பொருந்துகிறவர் மட்டும். எக்செல்லில் பி நெடுவரிசையில் சேர்ந்த தேதி, சி நெடுவரிசையில் கடைசியாக வந்த தேதி இருந்தால் இது போதும்:

```
=IF(AND(TODAY()-B2<=100, TODAY()-C2>=7), "CALL", "")
```

ஏன் ஏழு நாள் என்றால், மூன்று நாளில் கூப்பிட்டால் கண்காணிக்கிற மாதிரி இருக்கும். மூன்று வாரம் விட்டுக் கூப்பிட்டால் ஜிம் நம்பர் என்று தெரிந்தாலே எடுக்கமாட்டார்கள். பட்டியலை அப்படியே நம்பவும் கூடாது. கையில் காய்ப்புக் காய்த்தவர்களின் விரலை மெஷின் சில நாள் எடுப்பதில்லை, நண்பன் கதவைத் திறந்ததும் பின்னாலேயே நுழைந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நேற்று வந்துபோனவரைக் கூப்பிட்டு "ஏன் வரலை?" என்று கேட்டால் இருக்கிற மரியாதையும் போய்விடும். அதனால் பட்டியலை மாஸ்டரிடம் ஒரு தடவை காட்டிவிட வேண்டும். சாதாரணமாக ஏழெட்டுப் பெயர் வரும், அதில் ஒன்றிரண்டு அவர் அடித்துவிடுவார்.

கூப்பிடுவது ரிசப்ஷன் வேலை இல்லை என்று முடிவு செய்தோம். அந்த நம்பரிலிருந்து வந்தால் பணம் கேட்கத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மாஸ்டரே தன் ஃபோனிலிருந்து வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவார். ஏன் வரவில்லை என்ற கேள்வி அதில் வரக்கூடாது, ஃபீஸ் பேச்சும் வரக்கூடாது. "அண்ணே, நாளைக்கு வாங்க. லைட்டா ஒரு ஷெட்யூல் போட்டு வச்சிருக்கேன், அரை மணி நேரத்துல விட்டுடறேன்." இவ்வளவுதான். இதில் முக்கியமான வார்த்தை 'அரை மணி நேரம்'. ஒரு வாரம் விட்டவருக்கு ஒன்றரை மணி நேரம் என்பது மலையாகத் தெரிகிறது.

வந்த பிறகு சொன்னபடி நடக்க வேண்டும். விட்டு வந்தவருக்கென்று தனி ஷெட்யூல் ஒன்றை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். முதல் இரண்டு நாள், தூக்கிக்கொண்டிருந்த எடையில் பாதி, எதிலும் இரண்டு செட்டுக்கு மேல் இல்லை, லெக் டே தனியாக இல்லை. அறுபது கிலோவில் ஸ்குவாட் செய்தவருக்கு முப்பது. மூன்றாவது நாள் முக்கால் எடை. பழைய எடைக்கு அடுத்த வாரம் போகலாம். பழகாத உழைப்புக்குப் பிறகு வரும் தசைவலி உடனே தெரியாது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். தொடர்ந்து செய்கிறவருக்கு அந்த வலியிலிருந்து உடம்பே ஒரு பாதுகாப்பை உண்டாக்கிக்கொள்கிறது, இடைவெளி விட்டால் அது மெல்லக் குறைந்துவிடுகிறது. பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது, அதனால்தான் ஆபத்து. விட்டு வந்தவரால் அதே அறுபதைத் தூக்க முடியும், தூக்கவும் செய்வார், இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். மாஸ்டர்களுக்கு இது தெரியாமல் இல்லை. சாயங்காலக் கூட்டத்தில் இருபது பேருக்கு நடுவே, அவரவர் பழைய ஷெட்யூலில் இருப்பதையே செய்யச் சொல்வதுதான் அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

"ஆளையே காணோம்" என்ற வரவேற்பை நிறுத்தச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அது வாயில் ஊறிப்போன வார்த்தை. "வாங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷெட்யூலைக் கையில் கொடுங்கள் என்றால் மாஸ்டருக்கே ஒரு மாதிரி இருக்கிறது, கோபித்துக்கொண்ட மாதிரி.

## ஐம்பதில் நிற்கும் பெஞ்ச்

இடைவெளி எதுவும் இல்லாமல், ஒழுங்காக வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கதை வேறு. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஆறெட்டு வாரம் எடை விறுவிறுவென்று ஏறும். வெறும் ராடில் ஆரம்பித்தவர், அதாவது இருபது கிலோ, ஒன்றரை மாதத்தில் பெஞ்ச் பிரஸ்ஸில் ஐம்பதுக்கு வந்துவிடுவார். இதில் பெரும்பங்கு தசை வளர்ந்ததால் வந்ததில்லை, இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. அந்தப் படிப்பு முடிந்ததும் வேகம் குறையும். தசை வளர்வது மெதுவான வேலை. அவருக்கு இது தெரியாது. மூன்று வாரமாக ஐம்பதிலேயே நிற்கிறோம், கண்ணாடியிலும் வித்தியாசம் தெரியவில்லை, புரோட்டீன் பவுடர் வாங்கினால்தான் ஏறும் போலிருக்கிறது, அதற்கு வசதியில்லை, விட்டுவிடலாம். அவர் மனதில் ஓடுவது இதுதான். புரட்டாசியில் கறி நிறுத்திய மாதம் என்றால் இன்னும் மோசம், சத்தில்லாமல் செய்தால் இருக்கிற உடம்பும் இறங்கிவிடும் என்று தானாகவே முடிவு கட்டிக்கொள்வார்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த காரணங்களில் ஒன்று சிரிப்பை வரவழைத்தது. ஜிம்மில் இருந்த மிகச் சின்ன பிளேட் இரண்டரை கிலோ. ராடின் இரண்டு பக்கமும் போட்டால் ஐந்து கிலோ. ஐம்பதில் திணறுகிறவருக்கு அடுத்த படி ஐம்பத்தைந்து, ஒரே தாவலில் பத்தில் ஒரு பங்கு. அதை அவரால் எட்டு தடவை தள்ள முடியாது, முடியாததால் மறுபடி ஐம்பதுக்கே வருவார். ஒன்றேகால் கிலோ பிளேட் இரண்டு ஜோடி வாங்கிப் போட்டோம். ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கிற காசுகூட ஆகவில்லை. இப்போது ஐம்பத்திரண்டரை என்று ஒரு படி இருக்கிறது. அதற்குப் போகும் முன், ஐம்பதையே எட்டிலிருந்து பன்னிரண்டு ரெப்ஸ் வரை கொண்டுபோகச் சொல்கிறார் மாஸ்டர். வாரா வாரம் ஒரு ரெப் ஏறினாலும் நோட்டில் எழுத ஏதோ ஒன்று கிடைக்கிறது.

அதோடு ஐந்தாவது வாரக் கடைசியில் எல்லோருக்கும் ஷெட்யூலை மாற்றுவது என்று வைத்தோம். மாற்றும் அன்று பத்து நிமிஷம் உட்கார்ந்து, இனி எடை இந்த வேகத்தில் ஏறாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொப்பை குறைக்க வந்தவர்களுக்கு எடை மெஷினைவிட டேப் நல்லது. சேர்ந்த அன்றே தொப்புள் மட்டத்தில் ஒரு அளவு, ஐந்தாவது வாரம் அதே இடத்தில் இன்னொரு அளவு. எடை ஒரு கிலோகூடக் குறையாமல் இடுப்பு குறைந்திருப்பது நடக்கிற காரியம். முதல் நாளே அளந்து வைக்காவிட்டால் அதைக் காட்ட முடியாது.

## மாஸ்டர் யாரைப் பார்க்கிறார்

இவ்வளவும் மாஸ்டர் கையில் இருக்கிறது. அவருடைய சம்பளமோ வேறு திசையில் இழுக்கிறது. பெர்சனல் டிரெயினிங் எடுப்பவர் கட்டும் தொகையில் அவருக்குப் பங்கு உண்டு, புது அட்மிஷனுக்கும் இன்சென்டிவ் உண்டு. சாதாரணப் பேக்கேஜில் இருப்பவர் நின்றால் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. முதல் இரண்டு வாரம் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தவர் மூன்றாவது வாரத்தில் பெர்சனல் ஆட்களிடம் போய்விடுவது அதனால்தான், அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அட்மிஷன் இன்சென்டிவில் ஒரு பகுதியை எடுத்து இந்தப் பக்கம் போடச் சொன்னேன். ஏழு நாள் பட்டியலில் இருந்து திரும்பி வந்தவர் அடுத்த மூன்று வாரத்தில் ஆறு தடவை வந்தால் மாஸ்டருக்கு நூறு ரூபாய். ஒரு தடவை வந்ததற்கே கொடுத்தால், விரல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும் ஆட்களை ஏற்பாடு செய்துவிடுவார்கள். ஆறு தடவை என்றால் அந்தச் சிரமத்துக்கு நிஜமாகவே ஒருவரை வரவைப்பது சுலபம்.

பிடித்து வைக்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். போலீஸ் செலக்‌ஷனுக்கு உடற்தகுதித் தேர்வு இருக்கிறது என்று வருகிற பையன், தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் சேர்கிற மாப்பிள்ளை, லீவுக்கு வந்த காலேஜ் பிள்ளைகள். இவர்கள் வந்த வேலை முடிந்து போகிறார்கள். இவர்களையும் விட்டுப்போனவர் கணக்கில் சேர்த்துப் பார்த்துத்தான் நண்பன் அவ்வளவு பதறியிருந்தான். அட்மிஷன் ஃபார்மில் "எதற்காக, எதுவரைக்கும்" என்று ஒரு வரி சேர்த்ததும் பதற்றத்தில் ஒரு பகுதி அன்றே தீர்ந்தது. கோயில், பிரசவம், பரீட்சை என்று முன்கூட்டிச் சொல்கிறவருக்குப் பதினைந்து நாள் வரை பேக்கேஜை நிறுத்தி வைக்கிறோம். சொல்லிவிட்டுப் போகிறவர் திரும்பி வருகிற தேதியையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போகிறார், அதுதான் எங்களுக்கு வேண்டியது.

ஆட்டோபே போட்டுவிட்டால் மூன்றாவது மாதப் பிரச்சினையே இருக்காதே என்று சொன்னவர்கள் உண்டு. மாதா மாதம் தானாகக் கழிந்துகொண்டிருக்கும், நிறுத்த நினைப்பவர்தான் மெனக்கெட வேண்டும். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் பதிவேடுகளை வைத்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்கு நான்கு தடவை சொச்சம்தான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது, பத்து டாலருக்கு ஒரு வருகை என்ற பாஸ் அதே இடத்தில் கிடைத்தும். வராதவர் காசில் ஓடும் ஜிம் பெரிய ஊரில் பிழைக்கலாம். புதூரில் மறுநாளே டீக்கடையில் எதிரே வந்து நிற்பார்.

பட்டியல் ஓட ஆரம்பித்த பிறகு எல்லோரும் திரும்பிவிடவில்லை. வாய்ஸ் மெசேஜுக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வராதவர்கள் கணிசம். ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர் மே மாதமும் வரவில்லை, ஆடி கழிந்து வந்தார், காலை பேட்ச்சில். திரும்பி வந்தவர்கள் தொடர்ந்து வருவதால் இப்போது புதுத் தொல்லை, சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை பெஞ்சுக்கு வரிசை நிற்கிறது. இருப்பது ஒரே ஒரு ஃப்ளாட் பெஞ்ச். நின்று நின்று அலுத்துப்போய் இன்னொரு கூட்டம் விட்டுப் போகும் என்பது எனக்கு இப்போதே தெரிகிறது. இன்னொரு பெஞ்ச் போட இடமில்லை, வாசலோரம் இருக்கும் மூன்று ட்ரெட்மில்லில் ஒன்றை விற்றால் இடம் வரும். அதில் ஒன்றைச் சாயங்காலம்கூட யாரும் தொடுவதில்லை. நண்பன் அசைந்து கொடுக்க மாட்டேன் என்கிறான். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிவது ட்ரெட்மில்தானாம், சேர வருகிறவன் அதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறானாம்.